ஒளிப்படத்திலிருந்து உருவத்தைப் பிரித்தெடுத்தல்

ஒளிப்படத்திலிருந்து உருவத்தைப் பிரித்தெடுத்தல் என்பது, ஒரு படத்தில் உள்ள ஆளையோ பொருளையோ அதன் பின்னணியிலிருந்து தனியாக வெட்டி, வேறொரு பின்னணியின் மீது பொருத்தும் முறை ஆகும். தமிழ்நாட்டில் திருமண அழைப்பிதழ்களில் மணமக்களின் படத்தைச் சேர்ப்பதற்கு இம்முறை பரவலாகப் பயன்படுகிறது. படம் பிடிக்கப்பட்ட இடம் எதுவாயினும், அழைப்பிதழின் சந்தன நிறத் தாள் அல்லது கருஞ்சிவப்புத் தாள் மீது மணமக்கள் மட்டும் தெரியும்படி செய்வதே நோக்கம். சரியாகச் செய்யாவிடில் தோள், கை, புடவை ஆகியவற்றின் விளிம்புகள் படிக்கட்டு போலப் பிசிறடித்துத் தெரியும். சில வேளைகளில் விளிம்பு வழவழப்பாக இருந்தும், பழைய பின்னணியின் நிறம் உருவத்தைச் சுற்றி மெல்லிய கோடாக ஒட்டிக்கொண்டிருக்கும். இவ்விரு குறைகளும் வெவ்வேறு காரணங்களால் ஏற்படுவன. ஆகவே ஒன்றைத் தீர்க்கும் வழி மற்றொன்றைத் தீர்ப்பதில்லை.

## விளிம்பில் நிகழ்வது

எண்ணிம ஒளிப்படம் சிறு சதுரங்களால் ஆனது. இச்சதுரம் படவணு (பிக்சல்) எனப்படும். ஒரு படவணுவுக்கு ஒரே ஒரு நிறம்தான் இருக்க இயலும். ஆனால் தோளின் வளைவு படவணுக்களின் எல்லையைப் பார்த்து வளைவதில்லை. விளிம்பில் உள்ள ஒரு படவணுவில் பாதி சட்டையும் பாதி பின்னணியும் விழுந்தால், ஒளிப்படக் கருவி இரண்டின் நிறத்தையும் கலந்து ஓர் இடைப்பட்ட நிறமாகப் பதிவு செய்கிறது. மூலப் படத்தில் விளிம்பு வழவழப்பாகத் தெரிவதற்கு இந்த இடைப்பட்ட நிறங்களே காரணம்.

உருவத்தை வெட்டும்போது ஒவ்வொரு படவணுவையும் "உள்ளே" அல்லது "வெளியே" என இரண்டாக மட்டும் பிரித்தால், இந்த இடைநிலை அழிந்துவிடும். பாதி சட்டையாக இருந்த படவணு முழுவதும் சேர்க்கப்படும் அல்லது முழுவதும் நீக்கப்படும். விளைவு, படிக்கட்டு போன்ற விளிம்பு. இதைத் தவிர்க்க, ஒரு படவணு எந்த அளவுக்கு உருவத்தைச் சேர்ந்தது என்பதை 0 முதல் 1 வரையிலான பின்னமாகக் குறித்துவைக்க வேண்டும். இப்பின்னம் ஆல்பா எனப்படுகிறது. 1977-ஆம் ஆண்டளவில் எட்வின் காட்முல், ஆல்வி ரே சுமித் ஆகிய இருவரும் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் இக்கருத்தை உருவாக்கினர். 1984-இல் தாமசு போர்ட்டர், டாம் டஃப் ஆகியோர் படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைப்பதற்கான கணக்கு விதிகளை முறைப்படுத்தி வெளியிட்டனர். இன்றைய படத்தொகுப்பு மென்பொருள்கள் பலவும் இவ்விதிகளைப் பின்பற்றுகின்றன.

விளிம்புப் படவணு ஒன்றின் நிறம் பின்வருமாறு அமைகிறது:

```
C = αF + (1 − α)B
```

இங்கு C என்பது படத்தில் பதிவான நிறம். F என்பது உருவத்தின் உண்மை நிறம். B என்பது பின்னணியின் நிறம். α என்பது ஆல்பா. நல்ல பிரித்தெடுப்புக்கு இரண்டு விடைகள் தேவை: ஆல்பா எவ்வளவு, உருவத்தின் உண்மை நிறம் எது. முதல் விடை தவறினால் பிசிறு தோன்றும். இரண்டாம் விடை தவறினால் நிறக்கோடு தோன்றும்.

## ஓர் எடுத்துக்காட்டு: குன்னூர்த் தேயிலைச் சரிவில் எடுத்த படம்

நீலகிரி மாவட்டத்தின் குன்னூரில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிற்கும் மணமக்களின் படம் ஒன்றைக் கொள்வோம். மணமகன் வெள்ளைச் சட்டையும் வேட்டியும், மணமகள் கருஞ்சிவப்புப் பட்டுப்புடவையும் தலையில் மல்லிகைச் சரமும் அணிந்துள்ளனர். இடுப்பு வரை தேயிலைச் செடிகளின் கரும்பச்சை பின்னணியாக உள்ளது. தலைக்குப் பின்னே சரிவில் ஏறிவரும் மூடுபனி வெளிர் சாம்பல் நிறமாக உள்ளது. மலைப்பகுதியில் எடுக்கப்படும் படங்களில் இவ்வாறு மேலே வெளிர்ந்தும் கீழே கருத்தும் உள்ள பின்னணி அடிக்கடி அமையும். ஆகவே ஒரே உருவத்தின் மேற்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் வெவ்வேறு முறைகள் தேவைப்படுகின்றன.

### நிறக்கணக்கு

தேயிலைச் செடியின் நிறம் சிவப்பு 60, பச்சை 95, நீலம் 45 எனவும், வெள்ளைச் சட்டையின் நிறம் 235, 235, 230 எனவும் கொள்வோம். சட்டைக் கையின் விளிம்பில் பாதி பாதியாக அமைந்த படவணு, ஏறத்தாழ 148, 165, 138 என்ற பசுஞ்சாம்பல் நிறத்தில் பதிவாகும். அழைப்பிதழின் சந்தன நிறம் 250, 235, 200 என்க.

ஆல்பா இல்லாமல் வெட்டினால், பசுஞ்சாம்பல் படவணு அப்படியே சந்தன நிறத்தின் மீது அமரும். வெண்மைக்கும் சந்தனத்துக்கும் இடையே இது கருத்த புள்ளியாக, படிக்கட்டு வடிவில் தெரியும். ஆல்பா 0.5 என்று மட்டும் குறித்து நிறத்தை மாற்றாமல் விட்டால், விளைவு 199, 200, 169 ஆகும். படிக்கட்டு மறைந்துவிடும். ஆனால் வெண்மையும் சந்தனமும் ஆகிய இரண்டைவிடவும் கருத்த ஒரு பசுங்கோடு எஞ்சும். படவணுவின் நிறத்தைச் சட்டையின் உண்மை நிறமான 235, 235, 230 ஆக மாற்றி, ஆல்பாவை 0.5 ஆக வைத்தால், விளைவு 243, 235, 215 ஆகும். இது வெண்மைக்கும் சந்தனத்துக்கும் சரியாக இடைப்பட்ட நிறம். கண்ணுக்கு எந்தக் கோடும் தெரியாது.

மங்கலாக்கும் கருவியால் விளிம்பைத் தேய்ப்பது ஏன் போதாது என்பதை இக்கணக்கு காட்டுகிறது. தேய்ப்பது பசுங்கோட்டை அகலப்படுத்துமேயன்றி நீக்காது.

## படத்தின் அளவு

வெட்டத் தொடங்கும் முன், மணமக்களின் உருவம் எத்தனை படவணுக்களைக் கொண்டது என்பதைப் பார்த்தல் வேண்டும். அழைப்பிதழில் உருவம் 3 அங்குல உயரத்தில் அச்சாகும் எனில், அங்குலத்துக்கு 300 படவணு என்ற வழக்கமான அச்சுத் தரத்தின்படி 900 படவணு உயரம் தேவை. இவ்வளவில் ஒரு படவணு தாளில் ஏறத்தாழ 0.085 மில்லிமீட்டர் இருக்கும். ஒற்றைப் படவணுப் பிசிறு கண்ணுக்கு எளிதில் தெரியாது.

தொலைவிலிருந்து எடுத்த படத்தில் மணமக்கள் 250 படவணு உயரமே இருந்தால், அதே 3 அங்குலத்தில் ஒரு படவணு 0.3 மில்லிமீட்டர் ஆகிவிடும். அப்போது எவ்வளவு கவனமாக வெட்டினாலும் விளிம்பு கட்டங்கட்டமாகவோ மங்கலாகவோ தெரியும். இது வெட்டியவரின் பிழை அன்று, படத்தின் எல்லை. இத்தகைய படத்தைச் சிறிய அளவில் அச்சிடுவதே தீர்வு.

மின்னஞ்சல் வழியாகவோ கைப்பேசிச் செயலி வழியாகவோ சுருக்கி அனுப்பப்பட்ட படத்தில் மற்றொரு சிக்கல் உண்டு. ஜேபெக் முறையில் சுருக்கும்போது, படம் 8×8 படவணுக் கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. நிற விவரம், ஒளி விவரத்தைவிடக் குறைந்த நுணுக்கத்தில் சேமிக்கப்படுவதும் வழக்கம். இதனால் தேயிலையின் பச்சை, வெள்ளைச் சட்டைக்குள் இரண்டு மூன்று படவணு தூரம் கசிந்திருக்கும். எனவே ஒளிப்படக் கருவியில் இருந்த மூலக் கோப்பையே பயன்படுத்துதல் நன்று.

## வெட்டும் முறை

பின்வரும் படிகள், 1996-இல் முதன்முதலாகப் பொதுவில் வெளியிடப்பட்ட கட்டற்ற மென்பொருளான கிம்ப்பின் பட்டியல் பெயர்களுடன் தரப்படுகின்றன. ஃபோட்டோசாப் முதலிய மென்பொருள்களிலும் இதே கருவிகள் வேறு பெயர்களில் உள்ளன.

### கோடு வரைதல்

உடை, கை, தோள் போன்ற திண்ணிய விளிம்புகளுக்கு மந்திரக்கோல் போன்ற தானியங்கித் தேர்வுக் கருவிகள் ஏற்றவை அல்ல. அவை நிற வேறுபாட்டைக் கொண்டு எல்லையை முடிவு செய்வதால், தேயிலையின் நிழலும் புடவையின் நிழலும் சேரும் இடத்தில் வழிதவறும். மாறாக `Paths` கருவியால் வளைகோடு வரைதல் வேண்டும்.

படத்தை 200 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி, உண்மையான விளிம்புக்கு ஏறத்தாழ ஒரு படவணு உட்புறமாகக் கோட்டைக் கொண்டுசெல்ல வேண்டும். வளைவு திரும்பும் இடங்களில் மட்டும் புள்ளி வைத்தால் போதும். ஒரு தோளுக்கு இரண்டு அல்லது மூன்று புள்ளிகள் போதுமானவை. புள்ளிகள் மிகுந்தால் கோடு நடுங்கியது போல் அலைஅலையாகத் தெரியும். பிசிறு எனக் கருதப்படுவது பல நேரங்களில் இந்த நடுக்கமே.

இடுப்பில் கை வைத்திருந்தால் கைக்கும் உடலுக்கும் இடையே ஒரு துளை இருக்கும். இருவர் தோள்களுக்கு நடுவிலும் பின்னணி தெரியும். இவற்றைத் தனிக் கோடுகளாக வரைந்து தேர்விலிருந்து கழிக்க வேண்டும். இவற்றை மறந்துவிட்டால், சந்தன நிற அழைப்பிதழில் கைக்குள் மட்டும் தேயிலைத் தோட்டம் எஞ்சியிருக்கும்.

### மறைப்பு அமைத்தல்

கோடு முடிந்ததும் `Select → From Path` வழியாக அதைத் தேர்வாக மாற்றலாம். இம்மாற்றத்தின்போது விளிம்புப் படவணுக்களுக்கு மென்பொருள் தானே இடைநிலை மதிப்புகளைத் தருகிறது. தேர்வை மேலும் மென்மையாக்க `Select → Feather` உதவும். 900 முதல் 1200 படவணு வரை உயரமுள்ள உருவத்துக்கு ஒன்று அல்லது இரண்டு படவணு போதும். இங்கு அளவுகோல் மூலப் படமே ஆகும். மூலப் படத்தில் தோளின் விளிம்பு எத்தனை படவணுக்களில் மாறுகிறதோ அத்தனையே வெட்டிய படத்திலும் இருக்க வேண்டும். பத்துப் படவணு மென்மையாக்கினால் மணமக்கள் ஒளிவட்டத்துக்குள் நிற்பது போலத் தோன்றுவர்.

பின்னணியை அழிப்பானால் அழிக்காமல், `Layer → Mask → Add Layer Mask` வழியாக மறைப்பு ஒன்றைச் சேர்த்தல் வேண்டும். மறைப்பு என்பது ஆல்பாவைக் கருப்பு வெள்ளைப் படமாக வைத்திருக்கும் தனித் தாள். வெள்ளை உள்ள இடத்தில் உருவம் தெரியும். கருப்பு உள்ள இடத்தில் மறையும். சாம்பல் உள்ள இடத்தில் பகுதியாகத் தெரியும். மூலப் படம் அப்படியே இருப்பதால், பிழைபட்ட இடத்தில் மறைப்பின் மீது வெள்ளை தீட்டி உருவத்தை மீட்கலாம்.

### கூந்தல்

ஒவ்வொரு மயிரிழையையும் கோடாக வரைய இயலாது. கோட்டை முடியின் திண்ணிய பகுதியோடு நிறுத்தினால், தலை கத்தரிக்கோலால் வெட்டியது போல் தெரியும். இங்குப் பின்னணியில் உள்ள மூடுபனி உதவுகிறது. கருங்கூந்தலுக்கும் வெளிர் பனிக்கும் உள்ள ஒளி வேறுபாட்டையே மறைப்பாக மாற்றிக்கொள்ளலாம்.

`Colors → Components → Decompose` வழியாகப் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சாம்பல்நிறப் படங்களாகப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் நீலப் படத்தில் வேறுபாடு மிகுந்திருக்கும். பனியில் நீலம் மிகுதி. கூந்தலிலும் தோலிலும் குறைவு. அந்த நீலப் படத்தின் படி ஒன்றை எடுத்து, `Colors → Levels` கொண்டு பனி வெண்மையாகவும் கூந்தல் கருமையாகவும் ஆகும்வரை மாற்ற வேண்டும். நுனி இழைகள் சாம்பல் நிறத்தில் எஞ்சும்போதே நிறுத்திவிட வேண்டும். அவையும் முழுக் கருப்பாகும்வரை தள்ளினால் ஆல்பா மீண்டும் 0, 1 என இரண்டாகி, இழைகள் கம்பி போல் பிசிறடிக்கும். பின்னர் இதை எதிர்மறையாக்கி, தலையைச் சுற்றிய பகுதியை மட்டும் முதல் மறைப்புடன் சேர்க்கலாம். முகமும் கூந்தலின் உட்பகுதியும் மறைப்பில் முழு வெள்ளையாக நிரப்பப்பட வேண்டும்.

இம்முறை மல்லிகைச் சரத்தில் தோற்கும். மல்லிகையும் வெண்மை, பனியும் வெண்மை என்பதால், நீலப் படத்தில் பூக்கள் பின்னணியோடு சேர்ந்துவிடும். மறைப்பில் அவை கருப்பாகி, சரம் அரித்தது போலக் காணாமற்போகும். ஆகவே பூச்சரத்தின் வெளிவிளிம்பை மட்டும் கோடு வரைந்து சேர்த்தல் வேண்டும்.

### விளிம்பின் நிறத்தைத் திருத்துதல்

மறைப்பு "எவ்வளவு" என்பதை முடிவு செய்கிறது. "எந்த நிறம்" என்பதை மறைப்பின் கீழ் உள்ள படம் முடிவு செய்கிறது. எனவே நிறக்கோட்டை நீக்க மறைப்பைத் தொடாமல், படத்தின் மீது வேலை செய்ய வேண்டும். `Clone` கருவியால் சட்டையின் உட்புறத்திலிருந்து நிறத்தை எடுத்து, விளிம்பைத் தாண்டி நான்கு ஐந்து படவணு தூரம் வெளிப்புறமாகத் தீட்டலாம். வடிவம் மறைப்பால் காக்கப்படுவதால், வெளியே தீட்டியது தெரியாது. விளிம்பில் இருந்த பசுஞ்சாம்பல் மட்டும் வெண்மையாகிவிடும். மேற்கண்ட கணக்கில் F-இன் இடத்தில் சரியான மதிப்பை வைப்பதற்கு இதுவே ஒப்பானது.

கூந்தல் நுனிகளிலும் இவ்வாறே கூந்தலின் கருநிறத்தைப் பெரிய மென்தூரிகையால் வெளிநோக்கித் தீட்டலாம். அழைப்பிதழ் சந்தன நிறமாயின், நுனியில் எஞ்சும் பனியின் வெண்மை பெரிதாகத் தெரியாது. கருஞ்சிவப்பு அழைப்பிதழாயின் அதே வெண்மை நரைமுடி போல் பளிச்சிடும். ஆதலால் தாளின் நிறத்தை முன்கூட்டியே அறிந்துகொள்வது வேலையின் அளவைத் தீர்மானிக்கும்.

வெள்ளை வேட்டியின் கீழ்ப்பகுதியில் காணப்படும் பச்சைச் சாயல் வேறு வகையானது. அது விளிம்புக் கலப்பு அன்று. தேயிலை இலைகளில் பட்டுத் திரும்பிய ஒளி துணியின் மீது விழுந்ததால் உண்டாவது. விளிம்பிலிருந்து பல படவணு தூரம் உள்ளேயும் பரவியிருப்பதைக் கொண்டு இதை அடையாளம் காணலாம். அப்பகுதியைத் தேர்ந்து நிறச் செறிவைக் குறைப்பதே இதற்கு வழி.

## சோதித்தல்

திரையில் வழக்கமாகத் தெரியும் கட்டம்போட்ட பின்னணியின் மீது குறைகள் மறைந்துவிடும். உருவ அடுக்கின் கீழ் முழுக் கருப்பு, முழு வெள்ளை, அழைப்பிதழின் நிறம் என மூன்று அடுக்குகளை மாறிமாறி வைத்து, 100 விழுக்காட்டுப் பெரிதாக்கத்தில் பார்த்தல் வேண்டும். கருப்பின் மீது பனியின் வெண்கோடு தெரியும். வெள்ளையின் மீது தேயிலையின் பசுங்கோடும், நீக்கத் தவறிய பின்னணிப் புள்ளிகளும் தெரியும். இரண்டிலும் ஒரே இடத்தில் படிக்கட்டு தெரிந்தால் மறைப்பில் குறை. ஒன்றில் மட்டும் கோடு தெரிந்தால் பெரும்பாலும் நிறத்தில் குறை.

## அச்சகத்துக்கு அனுப்புதல்

சரியாக வெட்டிய படமும் கோப்பு வகையால் கெடக்கூடும். 1987-இல் வெளிவந்த கிஃப் வகைக் கோப்பில் ஒரு படவணு முழுவதும் தெரியும் அல்லது முழுவதும் மறையும், இடைநிலை இல்லை. நிறங்களும் 256-க்கு மேல் இரா. அவ்வகையில் சேமித்தால் நீக்கிய பிசிறு அனைத்தும் திரும்பிவிடும். ஜேபெக் கோப்பில் ஆல்பாவுக்கு இடமே இல்லை. 1996-இல் தரப்படுத்தப்பட்ட பிஎன்ஜி வகையும், டிஃப் வகையும் ஆல்பாவை முழுமையாகக் காக்கின்றன.

சிவகாசி முதலிய ஊர்களின் ஆஃப்செட் அச்சகங்களில் படத்துடன் வெட்டுக்கோட்டையும் சேர்த்துக் கேட்பதுண்டு. வெட்டுக்கோடு படவணுக்களால் ஆனதன்று, கணித வளைவு. அச்சுத்தகடு உருவாக்கும் கருவியின் உயர்ந்த நுணுக்கத்தில் அது வரையப்படுவதால், உடையின் விளிம்பு மிகக் கூர்மையாக வரும். ஆயினும் வெட்டுக்கோட்டில் பாதி தெரிதல் என்பது இல்லை. எனவே கூந்தல் இழைகள் துண்டிக்கப்படும். கூந்தல் தெரியும் படங்களுக்கு, மணமக்களை அழைப்பிதழின் பின்னணி மீதே பொருத்தி, ஒரே படமாக இணைத்து 300 படவணுத் தரத்தில் அனுப்புவது பாதுகாப்பானது. அடுக்குகளும் மறைப்பும் உள்ள மூலக் கோப்பைத் தனியே வைத்திருந்தால், தாளின் நிறம் மாறினாலும் மீண்டும் வெட்ட வேண்டியதில்லை.

உருவத்தை இறுதி அளவுக்குச் சுருக்குவது வேலை முழுவதும் முடிந்த பின் ஒரே முறை செய்யப்பட வேண்டும். பெரிய அளவில் வெட்டிச் சுருக்கும்போது, பல படவணுக்கள் ஒன்றாகச் சராசரியாகி விளிம்பு மேலும் சீராகும். சிறிய அளவில் வெட்டிப் பெரிதாக்கினால் ஒவ்வொரு பிழையும் உடன் பெரிதாகும்.

## இவற்றையும் பார்க்க

- படவணு
- கிம்ப்
- ஆஃப்செட் அச்சு
- திருமண அழைப்பிதழ்